ஆன்லைன் சான்றிதழ்த் தேர்வு பாதியில் நின்றுவிட்டால்: இலவச மறுதேர்வு, கட்டணத்தைத் திரும்பப் பெறுவது பற்றிய கேள்விகளும் பதில்களும்

வீட்ல இருந்து எழுதுன சர்டிபிகேஷன் எக்ஸாம் நடுவுல கட் ஆயிருச்சு. இப்போ அக்கவுண்ட்ல ‘Fail’னு காட்டுது. காசு திரும்பக் கிடைக்குமா, இல்ல சும்மா மறுபடி எழுத விடுவாங்களா?

மறுபடி எழுத விடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பணம் திரும்புவது அரிது. கோளாறு தங்கள் பக்கம் என்று ஒத்துக்கொண்டாலும், நிறுவனங்கள் முதலில் நீட்டுவது இலவச மறுதேர்வுக்கான கோடு அல்லது வவுச்சர்தான். அவர்களுக்கு அதில் கைக்காசு போவது குறைவு.

யாரிடம் கேட்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம் ஒன்று, தேர்வை நடத்தும் நிறுவனம் வேறொன்று. மைக்ரோசாஃப்ட், ஏ.டபிள்யூ.எஸ் தேர்வுகளை நடத்துவது பியர்சன் வியூ. திரை உறைந்தது, கண்காணிப்பாளர் வரவில்லை, இணைப்பு அறுந்தது போன்றவற்றை விசாரிக்க வேண்டியவர்கள் தேர்வை நடத்தியவர்கள். பதிவுகள் அவர்களிடம்தான் இருக்கும். அவர்கள் மறுத்த பிறகே சான்றிதழ் கொடுப்பவரிடம் மேல்முறையீடாகப் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு பக்கமும் எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். அதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

இன்னொன்று. ‘மறுதேர்வு கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘இந்த முடிவை ரத்து செய்யுங்கள்’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தோல்வி கணக்கில் நின்றால் அது ஒரு முயற்சியாக எண்ணப்படும், காத்திருப்புக் காலமும் ஓடத் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் தேர்வில் முதல் தோல்விக்குப் பின் 24 மணி நேரமும், அடுத்தடுத்த தோல்விகளுக்குப் பின் 14 நாளும் பொறுக்க வேண்டும். ஏ.டபிள்யூ.எஸ் தேர்வில் முதல் தோல்விக்கே 14 நாள். ரத்தானால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கிரீன் உறைஞ்சு நிக்கிற அந்த நிமிஷத்துல என்ன செய்யணும் அண்ணாச்சி?

முதலில் எதை அமுக்கக் கூடாது என்று பார்ப்போம். தேர்வை முடிக்கும் பொத்தானைத் தொடவே கூடாது. பதற்றத்தில் ‘End Exam’ கொடுத்துவிட்டால், நீங்களே விரும்பி முடித்ததாகப் பதிவாகும். அதன்பின் கோளாறு என்று வாதாடுவது கடினம்.

சாட் பெட்டி இன்னும் வேலை செய்தால் கண்காணிப்பாளருக்கு ஒரே வரி எழுதுங்கள்: எத்தனையாவது கேள்வியில், எத்தனை மணிக்கு, என்ன ஆனது. பதில் வரும்வரை கேமராவின் முன்னாலேயே உட்கார்ந்திருங்கள். எழுந்து ரவுட்டரைப் பார்க்கப் போனால், அனுமதியில்லாமல் இருக்கையை விட்டதாக இன்னொரு வழக்கு சேர்ந்துகொள்ளும். செயலி முழுவதுமாக மூடிவிட்டால், முதலில் எந்த லிங்க்கிலிருந்து தேர்வைத் திறந்தீர்களோ அதே லிங்க் வழியாகவே மறுபடி உள்ளே போங்கள். பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மறுபடி உள்ளே வந்ததும், கண்காணிப்பாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கடிகாரத்தில் மீதி எவ்வளவு காட்டுகிறது என்பதை அவர் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். நடந்ததற்கு ஒரு கேஸ் நம்பர் போட்டுத் தர வேண்டும். அன்றே, அந்த அமர்விலேயே வாங்கிய கேஸ் நம்பருக்கு உள்ள மதிப்பு, மறுநாள் நீங்கள் எழுதும் நாலு பக்க மெயிலுக்குக் கிடையாது. விசாரிப்பவர் அந்த நம்பரைப் போட்டால் கண்காணிப்பாளர் எழுதிய குறிப்பு, சாட் உரையாடல், உங்கள் இணைப்பின் பதிவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சாட்டில் கேட்டும் தரவில்லையென்றால், வெளியே வந்த கையோடு உதவி மையத்தின் சாட்டில் போய் வாங்குங்கள்.

ஆதாரத்துக்கு போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிடலாமா?

தேர்வு ஓடும்போது வேண்டவே வேண்டாம். கேள்வி திரையில் இருக்கையில் போனைக் கையில் எடுத்தாலே முறைகேடு என்று தேர்வை நிறுத்திவிடலாம். அப்புறம் எந்தக் கோளாறும் செல்லாது. போன் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். திரையைப் பதிவு செய்யும் செயலிகளும் அப்படித்தான். அமர்வு முழுக்க மூடிய பிறகு, பிழைச் செய்தி மட்டும் தனியாகத் திரையில் நின்றால், கேள்வியின் ஒரு வரிகூடத் தெரியாதபடி எடுத்துக்கொள்ளலாம். மெயிலிலும் கேள்வியின் உள்ளடக்கத்தை எழுதாதீர்கள், கேள்வி எண் போதும். ரகசிய ஒப்பந்தத்தில் நீங்கள் ‘சம்மதம்’ கொடுத்திருப்பீர்கள்.

தப்பு அவங்க பக்கமா, நம்ம வீட்டு நெட்டா? எப்படிச் சொல்ல?

முடிவை நிர்ணயிப்பது இந்தக் கேள்விதான். ஒப்பந்தத்தில் கணினியும் இணைப்பும் மின்சாரமும் தேர்வரின் பொறுப்பு என்று எழுதியிருக்கும். அதனால் ‘நெட் போச்சு’ என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், கேட்பதற்கு முன்பே தோற்றுவிட்டீர்கள். திரை உறைந்தது என்பது நீங்கள் கண்டது. ஏன் உறைந்தது என்பது பார்த்துச் சொல்ல வேண்டியது.

தேர்வு முடிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம் ரவுட்டரை அணைத்துப் போடுவது. அதைச் செய்தால் நல்ல சாட்சி ஒன்று அழிந்துபோகும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இணைப்பு எவ்வளவு நேரமாக அறுபடாமல் ஓடுகிறது என்று ஒரு கணக்கு இருக்கும். ‘Uptime’ என்றோ ‘Connection Uptime’ என்றோ காட்டும். தேர்வு 11 மணிக்குத் தொடங்கி, பிற்பகல் 1 மணிக்கு நீங்கள் பார்க்கும்போது அது 4 நாள் 6 மணி நேரம் என்று காட்டினால், உங்கள் இணைப்பு அறுபடவில்லை என்று வலுவாகச் சொல்லலாம். 1 மணி 10 நிமிடம் என்று காட்டினால் 11.50 வாக்கில் உங்கள் பக்கமே அறுந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து வையுங்கள். சாதனத்துக்கு ஒரு அப்டைம், இணைய இணைப்புக்கு வேறொரு அப்டைம் என்று இரண்டு காட்டினால், இணைய இணைப்பினுடையதே நமக்கு வேண்டும்.

லேப்டாப்பும் ரவுட்டரும் பேசிக்கொண்டனவா என்பதற்கு விண்டோஸிலேயே பதிவு இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து இவற்றைத் தட்டுங்கள்:

```
netsh wlan show wlanreport
powercfg /batteryreport /output "%USERPROFILE%\Desktop\battery.html"
perfmon /rel
```

முதல் கட்டளை கடந்த 3 நாள் வைஃபை வரலாற்றை `C:\ProgramData\Microsoft\Windows\WlanReport\wlan-report-latest.html` என்ற கோப்பில் எழுதி வைக்கும். எந்த நிமிடத்தில் இணைந்தது, எந்த நிமிடத்தில் ஏன் அறுந்தது என்று அதில் கோடு கோடாக இருக்கும். தேர்வு நேரத்தில் அறுபட்ட குறி இல்லையென்றால் வைஃபை மேல் பழி போட முடியாது. ஆனால் இது லேப்டாப்பிலிருந்து ரவுட்டர்வரை மட்டும். அதற்கு அப்பால் நடந்ததை அப்டைம்தான் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் சாட்சி முழுமையாகும். 3 நாள் தாண்டினால் அந்த அறிக்கையில் தேர்வு நாள் இருக்காது, ஆகவே அன்றே எடுங்கள்.

இரண்டாவது, லேப்டாப் எந்த நேரம் கரண்டில் ஓடியது, எந்த நேரம் பேட்டரியில் ஓடியது என்பதைக் காட்டும். மின்தடை என்று அவர்கள் சொன்னால் அதற்குப் பதில் இதில் இருக்கிறது. மூன்றாவது திறக்கும் பக்கத்தில் அந்தத் தேதியில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்து, பக்கத்தில் தேர்வுச் செயலியின் பெயர் இருந்தால், நொறுங்கியது அவர்களுடைய செயலி. அதே குறியில் விண்டோஸே எதிர்பாராமல் நின்றதாக இருந்தால், கோளாறு உங்கள் கணினியில். அதை மறைத்துப் பயனில்லை. அவர்கள் பக்கப் பதிவும் அதையேதான் சொல்லும்.

இன்வெர்ட்டர் இருக்கு, கரண்ட் போனாலும் லேப்டாப் ஓடிச்சு. ஆனா நெட் மட்டும் போயிருச்சு. இது யார் கணக்குல வரும்?

உங்கள் கணக்கில். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டுமே இழுத்திருப்பார்கள். பைபர் மோடம் செருகியிருக்கும் பிளக் பாயின்ட் பெரும்பாலும் அந்த லைனில் இருக்காது. தேர்வுக்கு முந்தின நாள் மெயினை அணைத்துவிட்டு மோடத்தின் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எரியவில்லையென்றால் மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யூ.பி.எஸ் ஒன்று போதும்; மோடம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மோடம் எரிந்துகொண்டிருந்து ‘LOS’ விளக்கு சிவப்பாக இருந்தால் பைபர் வழியிலேயே கோளாறு. கேபிள்காரரிடம் போனில் சொல்லி விட்டுவிடாமல், புகார் எண்ணும் இணைப்பு மீண்டும் வந்த நேரமும் குறுஞ்செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதனால் மறுதேர்வு உரிமையாகிவிடாது. ஆனால் முதல் தடவை என்றால், சலுகையாக ஒருமுறை விடுங்கள் என்று கேட்க அது கைகொடுக்கும்.

மாதாந்திர பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ அன்று பகல் முழுக்கத் தடை என்று அறிவித்திருக்கும் நாளில் தேர்வு வைத்துக்கொண்டு, பின்னால் மின்வெட்டு என்று முறையிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பல தேர்வுகளில் 24 மணி நேரத்துக்கு முன்புவரை கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம். உங்கள் தேர்வின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மெயில் எப்படி எழுதணும்? நான் எழுதுனா கதை மாதிரி நீளமாப் போகுது.

ஒரு மாதிரி வழக்கை வைத்துப் பார்ப்போம். பாளையங்கோட்டையில் ஒருவர், 90 நிமிடத் தேர்வு, 60 கேள்வி. 11.00 மணிக்குத் தொடக்கம். 11.47-க்கு 31ஆவது கேள்வியில் திரை உறைகிறது. கண்காணிப்பாளர் செயலியை மூடித் திறக்கச் சொல்கிறார். 11.53-க்கு மறுபடி நுழைந்தால் வரிசையில் நிற்க வைக்கிறார்கள். 12.10-க்குத்தான் வேறொரு கண்காணிப்பாளர் வந்து தேர்வைத் திறக்கிறார். கடிகாரத்தில் மீதி 20 நிமிடம்.

கணக்குப் போடுங்கள். 11.47-க்கு 47 நிமிடம் செலவு, மீதி 43 இருக்க வேண்டும். காட்டுவது 20. ஆக, வெளியே நின்ற 23 நிமிடமும் கடிகாரம் நிற்காமல் ஓடியிருக்கிறது. சில தேர்வுகளில் இணைப்பு அறுந்ததும் கடிகாரம் நிற்கும், சிலவற்றில் நிற்காது. இந்த வழக்கில் நிற்கவில்லை. அவர் 46ஆவது கேள்விவரை வந்தார், 14 கேள்வி தொடப்படாமலே முடிந்தது. தேர்ச்சிக்கு 700 வேண்டிய இடத்தில் 640.

இந்த வழக்கின் பலம் திரை உறைந்ததில் இல்லை. இழந்த 23 நிமிடமும் தொடாத 14 கேள்வியும்தான் பலம். ‘மனஉளைச்சல்’, ‘மிகவும் கஷ்டப்பட்டுப் படித்தேன்’ என்ற வரிகளை எடுத்துவிட்டு, இந்த எண்களை முதல் பத்தியிலேயே வையுங்கள். விசாரிப்பவர் தன் பக்கப் பதிவைத் திறந்து நிமிடத்துக்கு நிமிடம் சரிபார்ப்பார். ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

மெயிலை ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறை. தலைப்பில் கேஸ் நம்பர், தேர்வுக் குறியீடு, தேதி. உள்ளே பதிவு எண்ணும் தேர்வு நேரமும், இந்திய நேரம் என்று குறிப்பிட்டு. அவர்களுடைய பதிவுகள் வேறு நேர மண்டலத்தில் இருக்கலாம், 11.47 என்று மட்டும் எழுதினால் வேறு நேரத்தில் தேடிப்பார்த்துவிட்டு ‘ஒன்றும் காணவில்லை’ என்பார்கள். பிறகு இப்படி ஒரு பத்தி போதும்:

‘11.47-க்கு 31ஆவது கேள்வியில் திரை உறைந்தது. கண்காணிப்பாளர் சொன்னபடி செயலியை மூடித் திறந்தேன். 11.53-க்கு மறுபடி நுழைந்தும் 12.10 வரை தேர்வு திறக்கப்படவில்லை. அந்த 23 நிமிடமும் தேர்வுக் கடிகாரத்தில் கழிந்துவிட்டது. 14 கேள்விகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. என் ரவுட்டர் இணைப்பு அறுபடவில்லை என்பதற்கும், வைஃபை தொடர்ந்து இருந்தது என்பதற்கும் அறிக்கைகளை இணைத்திருக்கிறேன். அதே கணினியில், அதே இணைப்பில் முன்தினம் நடத்திய கணினிச் சோதனை வெற்றி என்று காட்டிய படமும் இருக்கிறது. இந்த முடிவை ரத்து செய்து, கட்டணமின்றி மறுதேர்வுக்கு வழி செய்யக் கேட்டுக்கொள்கிறேன். அது இயலாவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரவும்.’

ஒரே கோரிக்கையைத் தெளிவாக, மாற்று வழியைக் கடைசி வரியில். இதை 24 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். சில நிறுவனங்கள் புகாருக்குச் சில நாள் மட்டுமே தருகின்றன. எத்தனை நாள் என்பது பதிவு செய்தபோது வந்த உறுதி மெயிலிலோ அவர்கள் விதிப் பக்கத்திலோ இருக்கும்.

‘உங்கள் இணைய இணைப்பே காரணம்’னு ஒரு வரியில பதில் அனுப்பி கேஸை மூடிட்டாங்க.

பழைய கேஸிலேயே பதில் எழுதுங்கள், புதிது தொடங்காதீர்கள். கோபத்தைக் காட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை என் பக்க இணைப்பு அறுந்ததாக உங்கள் பதிவு சொல்கிறது? அவர்கள் நேரம் சொன்னால் உங்கள் அறிக்கையோடு ஒட்டிப் பார்க்கலாம். சொல்லாவிட்டால், அதையே சுட்டிக்காட்டி மேலதிகாரியின் பார்வைக்கு அனுப்பக் கேளுங்கள். முதல் பதில் பெரும்பாலும் அச்சடித்து வைத்த பதில்தான். இரண்டாவது முறை ஒரு மனிதர் திறந்து பார்க்கிறார்.

இதுவும் மறுப்பில் முடிந்தால், அந்த மறுப்பை இணைத்துச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒரு நேர்மையான எச்சரிக்கை: அலுவலக லேப்டாப்பில் வி.பி.என் ஓடிக்கொண்டிருந்தாலோ, நடுவில் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியிருந்தாலோ, இந்த வாதம் நிற்காது. நெட்வொர்க்கை மாற்றினாலே இணைப்பு அறுந்து புதிதாகத் தொடங்கும்.

எதிர்த்த தெருக் கோயில் கொடை, லவுட்ஸ்பீக்கர் சத்தம் கேட்டு எக்ஸாமையே நிப்பாட்டிட்டாங்க. இது டெக்னிகல் கோளாறுல வருமா?

வராது. வில்லுப்பாட்டுச் சத்தம் மைக்கில் விழுந்தால், கண்காணிப்பாளருக்கு அது அறையில் வேறு ஆள் பேசுவதுபோலக் கேட்கும். அமைதியான இடம் தேர்வரின் பொறுப்பு. சத்தம் வெளியிலிருந்து வந்தது, அறையில் வேறு யாரும் இல்லை என்பதைக் கேமராப் பதிவைப் பார்த்து உறுதி செய்யக் கேட்கலாம். முறைகேடு என்ற முத்திரையாவது நீங்கும். கொடை நாள் ஊருக்கே முன்கூட்டித் தெரியும் என்பதால் தேதியை மாற்றிவிடுவதே வழி. இல்லாவிட்டால் தேர்வு மையத்தில் போய் எழுதுங்கள்.

மறுதேர்வு வவுச்சர் வந்துருச்சு. உடனே போட்டுரலாமா?

காலாவதித் தேதியையும், அதே தேர்வுக் குறியீட்டுக்கா என்பதையும் பாருங்கள். தேதிக்குள் முன்பதிவு செய்தால் போதுமா, தேர்வையே எழுதி முடிக்க வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய தோல்வி இன்னும் கணக்கில் நின்றால் காத்திருப்புக் காலம் காரணமாக முன்பதிவு மறுக்கப்படும். முதலில் ரத்தை முடித்துத் தரச் சொல்லுங்கள்.

எனக்கு வவுச்சர் வேண்டாம், காசுதான் வேணும். பேங்க்ல சொல்லி வாங்க முடியுமா?

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் தகராறு எழுப்ப வழி இருக்கிறது. கார்டு நிறுவனங்களின் விதிப்படி இதற்கு வழக்கமாக 120 நாள்வரை அவகாசம். நிறுவனத்திடம் கேட்டு மறுக்கப்பட்டதற்கான மெயில் இல்லாமல் போகாதீர்கள். தேர்வு தொடங்கவே இல்லை, கண்காணிப்பாளர் வரவே இல்லை என்றால் வழக்கு பலமானது. தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வந்துவிட்டதென்றால் ‘சேவை கொடுத்தாயிற்று’ என்று அவர்கள் பதில் சொல்வார்கள். தகராறு எழுப்பினால் தேர்வுக் கணக்கை முடக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு. பழைய சான்றிதழ்கள் அதே கணக்கில் இருந்தால் இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ-யில் கட்டியவர்களுக்கு இப்படி ஒரு வசதியான வழி இல்லை.

டாலரில் கட்டியிருந்தால், திரும்பும் தொகை அது திரும்பும் நாளின் மாற்று விகிதத்தில் வரும். கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

வவுச்சர் எங்க காலேஜ் மொத்தமா வாங்கிக் கொடுத்தது. நான் கேட்டா தருவாங்களா?

மறுதேர்வை நீங்களே கேட்கலாம், ஏனென்றால் தேர்வு எழுதியவர் நீங்கள். பணம் திரும்பினால் அது வாங்கியவருக்கே போகும். வேலைவாய்ப்பு அலுவலரிடம் கேஸ் நம்பரைக் கொடுத்து, கல்லூரியின் பேரிலும் ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். அன்று ஒரே லேபில் பல பேருக்கும் அறுந்திருந்தால் எல்லா கேஸ் நம்பரையும் ஒரே மெயிலில் சேர்த்து அனுப்புங்கள். ஆனால் கல்லூரி ஃபயர்வால்தான் அடைத்தது என்று தெரிந்தால் நிறுவனத்திடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. வவுச்சருக்குக் கல்லூரிதான் பொறுப்பேற்க வேண்டும்.

எல்லாத்துக்கும் மறுத்துட்டாங்க. திருநெல்வேலியிலேயே நுகர்வோர் கேஸ் போடலாமா?

போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனம் எங்கே இருக்கிறது என்பது தடையில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் தாக்கல் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம் எதுவும் அதைத் தாண்டாது.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். பல வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே முடிவதுண்டு. எதிர்த்தரப்பாக யாரைப் போடுவது என்பதற்கு உங்கள் ஜி.எஸ்.டி ரசீதைப் பாருங்கள். அதில் இந்தியாவில் பதிவான நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருந்தால் நோட்டீஸ் போய்ச் சேரும். வெளிநாட்டு முகவரி மட்டும் இருந்தால் சட்டம் இடம் கொடுத்தாலும் நடைமுறையில் இழுபறிதான். சில ஆயிரம் ரூபாய்க்கு அது தேவையா என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வழி தனியார் சான்றிதழ்களுக்குத்தான். அரசுத் தேர்வு வாரியம் தேர்வு நடத்துவது சட்டப்படியான கடமை, அது விற்கும் சேவை ஆகாது. தேர்வர் நுகர்வோர் அல்ல என்று பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படிப்பட்ட கணினித் தேர்வு பழுதானால் அந்த வாரியத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும், அதிலும் முடியாவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு.